சிரித்துவிட்டார்களா, சிரித்து வைத்தார்களா?

கேள்வி: பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல எங்க அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவுல பதினஞ்சு நிமிஷம் பேசினேன், நூத்தி இருபது பேர் இருப்பாங்க. ரெண்டு இடத்துல சிரிச்சாங்க. ஒண்ணு: “சில்க் போர்டு சிக்னல்ல நிக்கும்போது பொறந்த குழந்தை, சிக்னல் தாண்டும்போது ஸ்கூல்ல சேர்ந்துடுச்சு.” நல்ல சத்தம், ஆனா ஒரு செகண்ட்ல நின்னுடுச்சு. இன்னொண்ணு: “வாட்டர் டேங்கர் இன்னும் வரலன்னு ஒருத்தர் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். முதல் பதில் ‘ஹேப்பி பர்த்டே அங்கிள்’னு வந்துச்சு.” இதுக்கு நான் முடிக்கிறதுக்குள்ள சிரிப்பு கிளம்பிடுச்சு. சத்தம் கம்மிதான், ஆனா நாலஞ்சு செகண்ட் இழுத்துச்சு. ரெண்டுல எது உண்மையான சிரிப்பு, எது மரியாதைக்கு? மேடையில நிக்கிறவன் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

டேங்கருக்கு வந்ததுதான் அசல். சில்க் போர்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மரியாதை. சத்தத்தை வைத்து எடை போட்டால் இது தலைகீழாகத்தான் தெரியும். உங்கள் குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

இந்த இரண்டையும் தமிழ் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். “சிரிச்சிட்டேன்” என்றால் அடக்கப் பார்த்தும் வந்துவிட்டது என்று பொருள். “சிரிச்சு வெச்சேன்” என்றால் மேனேஜர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் என் பங்குக்குச் செய்தேன் என்று பொருள். ஒன்று கைமீறிப் போனது, மற்றது யோசித்துச் செய்தது. உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

சிரித்து வைக்கும்போது வேலை செய்வது, பேசுவதற்கு வாயையும் குரலையும் இயக்குகிற அதே மூளைப் பாதை. தானாக வரும் சிரிப்பு உணர்ச்சியோடு தொடர்புள்ள, மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகளில் கிளம்பி மூளைத்தண்டு வழியாக வருகிறது. பாதைகள் வேறு என்பது பக்கவாதம் வந்த சிலரிடம் கண்கூடாகத் தெரியும். டாக்டர் “சிரிங்க” என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. பேரன் ஏதாவது சேட்டை செய்தால் அதே வாய் இரண்டு பக்கமும் விரியும். இதற்கு நேர் எதிரான நோயாளிகளும் உண்டு: சொன்னால் சிரிப்பார்கள், தானாக வரும்போது ஒரு பக்கம் வராது.

பேச்சாளருக்கு இதனால் என்ன பயன்? மரியாதைச் சிரிப்பு ஒரு வகையில் பேச்சுதான். “ஹா ஹா” என்ற சொல்லைச் சொல்வது போல. எங்கே தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது சிரிப்பவர் கையில் இருக்கிறது. அசல் சிரிப்பில் அந்தப் பிடி இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகளும் உதரவிதானமும் துடித்துத் துடித்துக் காற்றை வெளியே தள்ளுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைன் இதை அளந்திருக்கிறார். ஒவ்வொரு ‘ஹ’வும் சுமார் 75 மில்லி நொடி, ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க சுமார் 210 மில்லி நொடி. அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஐந்து ‘ஹ’. சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் இடத்தையும் தாண்டிக் காற்று வெளியே போய்விடுவதால், கடைசியில் உள்ளே இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பு காதில் கேட்கும்.

ஆகவே முன்வரிசையில் ஒருவரைக் கவனித்தால் ஒரு எளிய அடையாளம் கிடைக்கும். சிரித்து வைத்தவர் சிரித்த கையோடு பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதாவது பேசுவார், அவரிடம் காற்று மிச்சம் இருக்கிறது. சிரித்துவிட்டவருக்கு முதலில் மூச்சு வேண்டும். அவர் பேச வாயெடுத்தாலும் முதல் சொல் உடைந்து வரும், அல்லது குரல் வழக்கத்தைவிட மேலே போய் நிற்கும். அசல் சிரிப்பில் குரலின் சுருதி பொதுவாகவே ஏறியிருக்கும், ஒருவரின் பேச்சுக்குரலில் நீங்கள் கேட்கவே முடியாத உயரத்துக்குக்கூடப் போகும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணோரம் சுருங்கினால் அசல், வாய் மட்டும் விரிந்தால் போலி என்பது 1862இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் எழுதியதிலிருந்து வரும் செய்தி. ஆனால் மேடைப் பேச்சாளர் அதை நம்பி இறங்கக் கூடாது. பலர் கண்ணோரத்தை வேண்டுமென்றே சுருக்கிக் காட்டுவார்கள், வாயை நன்றாக விரித்தாலே கன்னம் மேலேறிக் கண் சுருங்கிவிடும். தவிரவும், மேடை விளக்கு உங்கள் முகத்தில் அடிக்கும்போது மூன்றாவது வரிசைக்கு மேல் யாருடைய கண்ணோரம் தெரியப்போகிறது? மேடையில் உதவுவது காதுதான். அதுவும் இரண்டு இடங்களில்: சிரிப்பு எங்கே தொடங்குகிறது, எப்படி ஓய்கிறது.

முதலில் தொடக்கம். இந்த விஷயத்தில் தமிழில் பேசுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் நிற்கும். வேடிக்கை இருக்கிற சொல் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் டேங்கர் வரியைப் பாருங்கள்: “முதல் பதில் ‘ஹேப்பி பர்த்டே அங்கிள்’னு வந்துச்சு.” வேடிக்கை ‘பர்த்டே’யில் உடைந்துவிட்டது. மீதமுள்ள ‘அங்கிள்னு வந்துச்சு’ வெறும் வால். ஆனாலும் அதைச் சொல்ல முக்கால் நொடியாவது ஆகும். புரிந்தவர்கள் அந்த வாலுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், அவர்களால் முடியாது. ‘பர்த்டே’யிலேயே இங்கே இரண்டு பேர், அங்கே நான்கு பேர் என்று வெடித்திருப்பார்கள். உங்கள் ‘வந்துச்சு’ அந்தச் சத்தத்துக்கு அடியில் போயிருக்கும். ஒலிப்பதிவு இருந்தால் போட்டுக் கேளுங்கள்.

சில்க் போர்டு வரியிலும் வேடிக்கை ‘ஸ்கூல்ல’ என்ற சொல்லில்தான் இருக்கிறது, ‘சேர்ந்துடுச்சு’ வால். ஆனால் இங்கே யாரும் ‘ஸ்கூல்ல’வில் கிளம்பவில்லை. நீங்கள் ‘சேர்ந்துடுச்சு’ என்று முடித்து, நிறுத்தி, அநேகமாக நீங்களும் லேசாகச் சிரித்த பிறகு எல்லோரும் ஒன்றாகத் தொடங்கியிருப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைத்தது உங்கள் நிறுத்தம்தான், சொல் இல்லை. “இங்கே சிரிக்கணும்” என்று நீங்கள் கேட்டீர்கள், பெங்களூரில் நல்ல மனிதர்கள், சிரித்தார்கள். புரொவைன் பொது இடங்களில் சேகரித்த 1200 சிரிப்புகளில், அதற்கு முந்தைய பேச்சில் ஏதாவது நகைச்சுவை இருந்தது நூற்றுக்குப் பத்து முதல் இருபதில்தான். மீதியெல்லாம் “சரி, அப்புறம் பார்க்கலாம்” மாதிரியான பேச்சுக்கு வந்த சிரிப்பு. கேட்பவரைவிடப் பேசுபவர்தான் அதிகம் சிரிக்கிறார், 46 சதவீதம் கூடுதலாக, என்பதும் அவருடைய கணக்கு. பேசுபவர் சிரித்தால் எதிரே இருப்பவர் சேர்ந்துகொள்வது அன்றாடப் பழக்கம், மேடையிலும் அது நடக்கிறது.

சத்தம் ஏமாற்றுவதும் இதனால்தான். நூற்றிருபது பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால், ஆளுக்குக் கொஞ்சம் சத்தம் போட்டாலும் எல்லாம் ஒரே கணத்தில் குவிந்து பெரிதாகக் கேட்கும். அசல் சிரிப்பில் ஒவ்வொருவரும் தனக்குப் புரிந்த கணத்தில் தொடங்குவதால் அதே சத்தம் நான்கு நொடிக்குப் பரவிவிடும், எந்த ஒரு கணத்திலும் உச்சம் அவ்வளவு உயராது. போன் ஒலிப்பதிவு இதை இன்னும் கெடுக்கும். பல போன்களில் ரெக்கார்டர் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும், ஆகவே பதிவில் தெரியும் உயரத்தை வைத்து இரண்டு சிரிப்பை ஒப்பிட முடியாது. நேரத்தை ஒப்பிடலாம், அது மாறாது.

இனி முடிவு. என் கணிப்பில் தொடக்கத்தைவிட இது நம்பகமானது, ஏனென்றால் தொடக்கத்தை ஓரளவு நடிக்கலாம், ஓய்வதை நடிப்பது கடினம். மரியாதைச் சிரிப்பு குழாயை மூடியது போல நிற்கும். போதுமான அளவு செய்தாயிற்று என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும், பிறகு ஒரு சின்ன மௌனம். உங்கள் ஒரு நொடிச் சிரிப்பு அப்படித்தான் நின்றிருக்கிறது. அசல் சிரிப்பு தேய்ந்து தேய்ந்து போகும். நடுவில் ஒரு மூலையிலிருந்து ஒற்றைக் குரல் மறுபடி கிளம்பும், அதைக் கேட்டு இன்னும் நான்கு பேர் சேர்வார்கள், யாராவது இருமுவார்கள். இழுத்த மூச்சுகளின் ‘ஹ்ஹா’ சத்தம் இடையிடையே கேட்கும். டேங்கருக்கு வந்த நாலஞ்சு செகண்ட் இழுவை இதுதான்.

மேடையில் நிற்கும்போதே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். சிரித்து வைத்தவர்கள் உடனே நிறுத்திவிட்டுக் கவனிப்பார்கள், அவர்கள் காத்திருந்ததே அதற்குத்தான். அசல் சிரிப்பு உங்கள் பேச்சின் மேல் ஏறி ஓடும், ஒன்றிரண்டு சொல் யாருக்கும் கேட்காது. ஆகவே அந்த இடத்தில் முக்கியமான வரியைப் போட்டு வீணாக்கக் கூடாது. “அவரும் பாவம், என்ன பண்ணுவார்” மாதிரி கேட்காவிட்டாலும் நஷ்டமில்லாத ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி தெளிவாகக் கேட்டால் சிரிப்பு மரியாதை. அமுங்கிப்போனால் அசல், பேசாமல் நின்று அது ஓயும்வரை விடுங்கள். இந்தச் சோதனையை ஒரு பேச்சில் இரண்டு முறைக்கு மேல் செய்தால் கூட்டம் சிரிக்கவே பயப்படும், அவர் பேச்சை மறிக்கிறோமோ என்று.

எங்கே காது கொடுப்பது என்பதும் முக்கியம். முன்வரிசையில் இருப்பவர்கள் சங்கத் தலைவர், செயலாளர், சால்வை போர்த்தப்படவிருக்கும் விருந்தினர். அவர்களுக்குச் சிரிப்பது பொறுப்பில் ஒரு பகுதி, உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். நடுவரிசையிலிருந்து பின்னால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாதிக் கவனத்தோடு இருக்கும் ஆட்களைக் கேளுங்கள். அசலாகச் சிரிப்பவர் உங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார், தோளில் தட்டுவார். தலைகள் திரும்புவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும், கண்ணோரம் மாதிரி இல்லை.

பெங்களூர்க் கூட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை மறந்தால் கணக்கு தப்பும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர், கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவர், கன்னடக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்று ஒரே ஹாலில் எல்லோரும் இருப்பார்கள். ‘ஹேப்பி பர்த்டே அங்கிள்’ எந்த மொழிக்காரருக்கும் அந்தக் கணமே புரியும். ஆனால் வேடிக்கை ஒரு தமிழ்ச் சொல்லின் வளைவில் இருந்தால் சிரிப்பு இரண்டு அலையாக வரும். முதலில் தமிழ் புரிந்தவர்கள், பிறகு இரண்டு மூன்று நொடி கழித்து, பக்கத்தில் இருந்தவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ காதில் சொன்ன பிறகு மற்றவர்கள். இந்த இரண்டாவது அலை தாமதமாக வருகிறது என்பதற்காக அதை மரியாதை என்று தள்ளிவிடாதீர்கள். மெனக்கெட்டு மொழிபெயர்த்துக் காதில் சொல்லும் அளவுக்கு ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்றால் அது அசலுக்கும் மேலே. அடையாளம்: அந்த அலை அங்கங்கே திட்டுத் திட்டாக வரும், ஹால் முழுக்க ஒரே கணத்தில் வராது.

இன்னும் சில இடங்களில் ஏமாறுவோம். மைக் கிறீச்சிட்டாலும், மேடையில் குழந்தை ஏறி ஓடினாலும் வருவது அசல் சிரிப்புதான், ஆனால் உங்கள் வரிக்கு இல்லை. பதிவைக் கேட்கும்போது அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. மறுபக்கம், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகள் அசலாக வந்த சிரிப்பைக்கூட முந்தானையில் அடக்கிக்கொள்வார். தோள் குலுங்கும், சத்தம் இருக்காது. ஒலிப்பதிவு அதைப் பிடிக்கவே பிடிக்காது. திறந்தவெளி ஷாமியானாவில் சத்தம் மேலே போய்விடும், ஒருவர் சிரிப்பு இன்னொருவருக்கு எட்டாததால் தொற்றிப் பரவுவதும் குறையும். அங்கே இரண்டு நொடி அசல் சிரிப்பே நல்ல சிரிப்பு.

காதை மட்டும் நம்பினாலும் எல்லை உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 21 சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்குத் தனித்தனிச் சிரிப்புகளைப் போட்டுக்காட்டி, அசலா செய்ததா என்று கேட்டார்கள். சமூகத்துக்குச் சமூகம் 56 முதல் 69 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட மேல், அவ்வளவே. அதனால் ஒரு சிரிப்பை வைத்து ஒரு ஜோக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். தொடக்கம், முடிவு, தலை திரும்புதல் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் முடிவு செய்யுங்கள். உங்கள் இரண்டு ஜோக்கிலும் முதல் இரண்டு தெளிவாகவே காட்டுகின்றன.

அடுத்த விழாவில் போனை உங்கள் சட்டைப் பையில் வைக்காமல், நடுவரிசையில் நண்பர் ஒருவர் மடியில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் `Audacity` என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் அலை வடிவமாகத் தெரியும். ஒவ்வொரு ஜோக்குக்கும் மூன்று இடத்தைக் குறியுங்கள்: வேடிக்கைச் சொல் முடிந்த இடம், முதல் சிரிப்புச் சத்தம், கடைசிச் சத்தம். முதல் இரண்டுக்கும் நடுவில் அரை நொடிக்குக் கீழே இருந்து, முதல் சத்தம் முதல் கடைசிச் சத்தம் வரை மூன்று நொடியைத் தாண்டினால் அந்த ஜோக் உங்களுடையது. இது மேடைக் கணக்கு, விதி இல்லை. இருபது பேர் இருக்கும் மீட்டிங் ரூமில் மூன்று நொடி அரிது.

நண்பருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் சிரித்தது தனியாகப் பதிவாகியிருந்தால் இன்னொன்று செய்து பார்க்கலாம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, `Change Speed and Pitch`இல் வேகத்தை `0.400` என்று கொடுங்கள், இரண்டரை மடங்கு மெதுவாகும். கிரெக் பிரையன்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் 2014இல் செய்த சோதனை இது. சிரித்து வைத்ததை மெதுவாக்கினால் ஒரு மனிதர் இழுத்து இழுத்துப் பேசுவது போலவே இருக்கும். அசல் சிரிப்பை மெதுவாக்கினால் மனிதக் குரலா விலங்கா என்றே கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூட்டச் சிரிப்பில் இதைச் செய்து பயனில்லை, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

சில்க் போர்டு ஜோக்கை என்ன செய்வது என்றால், எடுத்துவிடத் தேவையில்லை. பேச்சின் முதல் நிமிடத்தில் வைத்தால் கூட்டம் ஒருமுறை ஒன்றாகச் சத்தம் போட்டுப் பழகிக்கொள்ளும், பின்னால் வரும் டேங்கருக்கு அது உதவும். அதில் வேடிக்கை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அடுத்த முறை முகத்தில் சிரிப்பில்லாமல், ‘சேர்ந்துடுச்சு’வுக்குப் பின் நிறுத்தாமல் நேரே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். ‘ஸ்கூல்ல’ என்னும் சொல்லிலேயே யாராவது மாட்டிக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் அசையவில்லை என்றால், இதுவரை சிரித்தது உங்கள் நிறுத்தத்துக்கு.